கடைசி ஆறு ஓவரும் ஒரு ஆட்டச் சுருக்கமும்

கடலூர் முதுநகரில் இருக்கும் என் மச்சான் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். 2024 ஜூன் 29 இரவு டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி நடந்தபோது அவர் கடலில் இருந்தார். திரும்பி வந்ததும் ஆட்டத்தைக் கேட்பார் என்று தமிழ் வர்ணனையைப் போனில் பதிவு செய்து வைத்தேன். அப்புறம் இந்தியாவுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்கா ஆடிய கடைசி ஆறு ஓவரை மட்டும் கேட்டுக் கேட்டு வரிவரியாக எழுதி, அதிலிருந்து அவருக்கு ஒரு ஆட்டச் சுருக்கமும் எழுதினேன்.

முதல் முயற்சியில் கணக்கு உதைத்தது. அக்சர் போட்ட 15ஆவது ஓவரில் எனக்கு 30 ரன் வந்தது. ஆனால் ஓவருக்கு முன் 123, முடிவில் 147, அப்படியானால் 24தான். மறு ஒளிபரப்பில் காட்டிய ஒரு சிக்ஸரையும் புதுப் பந்தாக எண்ணியிருக்கிறேன். இதைக் கண்டுபிடிக்க வினைச்சொல்லே போதும். நேரலையில் "தூக்கி அடிக்கிறார்" என்பார்கள். மறு ஒளிபரப்பில் "எப்படி அடிச்சார் பாருங்க" என்பார்கள். இறந்த காலத்தில் வந்த வரிகளைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு ஓவர் முடிவிலும் சொல்லும் ஸ்கோரோடு ஒத்துப்பார்த்தேன். சரியாக வந்தது.

திருப்புமுனைதான் கடினம். வர்ணனையாளர் குரல் உச்சத்துக்குப் போனது 20ஆவது ஓவர் முதல் பந்தில், எல்லைக் கோட்டருகே சூர்யகுமார் மில்லரைப் பிடித்தபோது. முதல் சுருக்கத்தில் நானும் அதையே திருப்புமுனை என்று எழுதியிருந்தேன். பிறகு ஒவ்வொரு ஓவர் முடிவிலும் மீதி ரன்னையும் மீதிப் பந்தையும் குறித்தேன்: 30 பந்தில் 30, 24 பந்தில் 26, 18 பந்தில் 22, 12 பந்தில் 20, 6 பந்தில் 16. ஓவருக்கு 6 ரன் போதும் என்ற நிலை, நான்கே ஓவரில் 16 ஆகிவிட்டது. அந்த அற்புதமான கேட்ச் வரும் முன்பே ஆட்டம் கை மாறத் தொடங்கியிருந்தது. 18ஆவது ஓவரில் பும்ரா 2 ரன் மட்டும் கொடுத்து யான்சென் விக்கெட்டையும் எடுத்ததை என் முதல் சுருக்கம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

திருத்தி எழுதியது இது:

"இந்தியா 176/7, கோலி 76. தென்னாப்பிரிக்கா 169/8, கிளாசன் 27 பந்தில் 52. அக்சர் ஓவரில் 24 ரன் போனதும் 30 பந்தில் 30 போதும் என்றானது. 17ஆவது ஓவர் முதல் பந்தில் பாண்டியா கிளாசனை வீழ்த்தினார். 16 முதல் 19 வரை நான்கு ஓவரில் 14 ரன்தான். கடைசி ஓவர் முதல் பந்தில் மில்லர் அவுட். இந்தியா 7 ரன்னில் வெற்றி."

மச்சான் படித்துவிட்டு, "30 பந்துல 30 வேணும்னப்போ எத்தனை விக்கெட் விழுந்திருந்துச்சு?" என்று கேட்டார். நான்குதான். எட்டு விக்கெட் போயிருந்தால் அதே 30 வேறு கதை. அதனால் இப்போது ஒவ்வொரு ஓவர் முடிவையும் 147/4, 151/4, 155/5, 157/6, 161/6 என்று விக்கெட்டோடு சேர்த்தே குறிக்கிறேன்.