ஆயக்கட்டுப் பட்டியல்: 14 பக்கத்தை ஒரே அட்டவணையாக்கியது

சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாயில் பாயும் எங்கள் ஊர்க் குளத்தின் ஆயக்கட்டுப் பட்டியலைப் பாசன சங்கத்தில் ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். தட்டச்சு செய்த 14 பக்கம். பத்திகள் ஆறு: வரிசை எண், சர்வே எண், உட்பிரிவு, பட்டாதாரர் பெயர், பரப்பு (ஏக்கரில்), குறிப்பு. இதை ஒரே அட்டவணையாக்கித் தரச் சொன்னார் சங்கத்து அண்ணாச்சி. "பேரு எழுத்துப் பிழை இருந்தா நான் பாத்துக்கிடுதேன் தம்பி, அடிக்கூட்டு மட்டும் ஒத்து வரணும்" என்றார்.

டெசராக்டில் எழுத்தை எடுத்து, பக்கத்துக்கு ஒரு சிஎஸ்வி கோப்பு என்று வைத்துக்கொண்டேன். எல்லாப் பத்தியையும் எழுத்தாகவே படிக்க வைத்தேன். இல்லாவிட்டால் விரிதாளில் திறக்கும்போது 3/2 என்ற உட்பிரிவு தேதியாக மாறிவிடும். ஒவ்வொரு வரியோடும் அது எந்தப் பக்கத்து வரி என்பதையும் சேர்த்தேன். பின்னால் எதைச் சரிபார்க்கவும் அந்தப் பக்க எண்தான் வழிகாட்டியது.

தலைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் வருகிறது. முதல் பக்கத் தலைப்போடு அச்சு அசலாக ஒத்துப்போகும் வரிகளை நீக்கலாம் என்றால், அது பாதிப் பக்கத்தில்கூட நடக்காது. ஒரு பக்கத்தில் "எண்" என்பது "என்" ஆகிறது, இன்னொன்றில் ரகரம் துணைக்காலாகிறது. அதனால் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று அளக்க வேண்டியிருந்தது. தலைப்பு இரண்டு வரியில் இருந்ததால் இரண்டையும் HEADERS பட்டியலில் இடைவெளி இல்லாமல் வைத்தேன்.

```python
from difflib import SequenceMatcher

def is_header(row):
    s = "".join(row).replace(" ", "")
    return max(SequenceMatcher(None, s, h).ratio()
               for h in HEADERS) > 0.6
```

இதைப் பக்கத்தின் முதல் நான்கு வரிகளில் மட்டும் ஓட்டினேன். பக்க நடுவில் தலைப்பு வர வழியில்லை, அங்கே தேடினால் உண்மையான வரி எதையாவது இழக்க நேரலாம். 0.6 என்பது எங்கும் பொருந்தும் அளவல்ல. எல்லா வரிகளுக்கும் மதிப்பை அச்சிட்டுப் பார்த்தால் தலைப்புகள் மேலேயும் மற்றவை கீழேயும் தனித்தனியாக நிற்கும், அந்த இடைவெளியில் கோட்டைப் போட வேண்டும்.

தலைப்புக்குக் கீழே இன்னொன்று இருக்கிறது. நம் ஊர்ப் பதிவேடுகளில் பத்திகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு ஒரு வரி வருமே, அதுதான். எழுத்தே இல்லாததால் மேலே சொன்ன சோதனையில் அது சிக்காது, பார்க்கவும் தரவு வரி போலவே இருக்கும். பரப்பு ஐந்தாவது பத்தி. அந்த வரியை விட்டுவைத்தால் பக்கத்துக்கு 5 ஏக்கர், 14 பக்கத்துக்கு 70 ஏக்கர், இல்லாத நிலம் கூடிவிடும். ஆறு கட்டத்திலும் 1 முதல் 6 வரை வரிசையாக வந்தால் நீக்கு என்று தனி விதி எழுதினேன்.

பக்க அடியில் "கொண்டு செல்லப்பட்டது", அடுத்த பக்கத் தலையில் "கொண்டு வரப்பட்டது" என்று கூட்டுத்தொகை வருகிறது. இவற்றையும் அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டும், ஆனால் தூக்கிப் போடக் கூடாது. தனிக் கோப்பில் வைத்தேன். அண்ணாச்சி கேட்ட அடிக்கூட்டைச் சரிபார்க்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இவ்வளவும் கழிந்த பிறகுதான் பக்கங்களை ஒட்டினேன். ஒட்டும் இடத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒரு பட்டாதாரர் பெயர் நீளமாக இருந்து அடுத்த பக்கத்துக்குத் தாண்டியிருந்தால், அங்கே முதல் வரியில் பெயரின் மிச்சம் மட்டும் இருக்கும். வரிசை எண், சர்வே எண், பரப்பு மூன்றும் காலியாக இருந்தால் மட்டுமே அதை முந்தைய வரியோடு சேர்த்தேன். வரிசை எண் மட்டும் காலி என்றால் எழுத்து எடுக்கும்போது தவறிப்போனதாகவும் இருக்கலாம், சேர்த்தால் ஒரு நிலமே காணாமல் போகும்.

அடுத்தது "ஷை". ஒரே பட்டாதாரருக்குப் பல துண்டு நிலம் இருந்தால் முதல் வரியில் மட்டும் பெயர், கீழே எல்லாம் ஷை. பக்கத் தலையில் நிற்கும் ஷை முந்தைய பக்கக் கடைசிப் பெயரைக் குறிக்கிறது. தலைப்பை நீக்குமுன் நிரப்பினால் அந்த நிலத்துக்கு "பட்டாதாரர் பெயர்" என்பவரே சொந்தக்காரர் ஆகிவிடுவார். உடைந்த வரிகளைச் சேர்க்குமுன் நிரப்பினால் பாதிப் பெயர்தான் கீழே இறங்கும். அதனால் ஷை நிரப்புவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொண்டேன்.

அப்புறம் கூட்டிப் பார்த்தேன். ஐந்தாம் பக்கத்துக்கு வந்தது 61.40, அந்தப் பக்க வரிகள் 14.85, கொண்டு சென்றது 76.25. சரி. ஒன்பதாம் பக்கத்தில் மட்டும் என் கூட்டு 0.60 அதிகம். ஒன்றை ஏழாகப் படித்தால் வித்தியாசம் ஆறு, அதுவும் புள்ளிக்கு அடுத்த இலக்கத்தில். ஆக, அந்தப் பக்கத்தில் புள்ளிக்கு அடுத்து 7 வரும் பரப்புகளை மட்டும் ஸ்கேனோடு ஒப்பிட்டேன். 0.18 என்பது 0.78 ஆகியிருந்தது.

வரிசை எண்கள் விடுபடாமல் ஓடுகின்றனவா என்றும் பார்த்தாயிற்று. பன்னிரண்டாம் பக்கத்தில் கறை படிந்த இரண்டு வரிகளில் உட்பிரிவு தெரியவில்லை. பரப்பு கூட்டில் ஒத்து வருவதால் வரிகளை வைத்துக்கொண்டு, அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டு, குறிப்புப் பத்தியில் "ப.12, மூலத்தில் பார்க்க" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.