மேல் விளிம்பு

எக்ஸ்ரே படங்களைப் படித்து அறிக்கை எழுதுவது என் வேலை. அன்று ஓர் அறிக்கையைப் பற்றி எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் சரியானதென்றே இன்றும் நினைக்கிறேன். இருந்தும் அந்த உரையாடல் என்னை விடுவதாயில்லை.

"உள்பக்கத்துப் பெரியோஸ்டியல் ரியாக்‌ஷன் ஒரே படையாக, திடமாகத்தானே இருக்கிறது டொக்டர்? பிள்ளைக்குக் காய்ச்சலும் இருக்கிறது. இது கிருமித்தொற்று. இங்கேயே அன்டிபயோட்டிக் தொடங்கி, மூன்று கிழமையில் படத்தைத் திரும்ப எடுப்போம். ஏன் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலை வரைக்கும்?" என்றார். பெரியோஸ்டியல் ரியாக்‌ஷன் என்பது, நோய் தூண்டும்போது எலும்பைப் போர்த்தியிருக்கும் எலும்புறை போடும் புது எலும்பு.

"மேல் விளிம்பைப் பாருங்கள்," என்றேன்.

மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த 11 வயதுச் சிறுவனின் இடது தொடையெலும்புப் படம் அது. முழங்காலுக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளத்துக்கு எலும்பு கரைந்து கறுத்திருந்தது. அந்தக் கறுப்பின் கீழ் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டுக் காட்டிவிடலாம்; அதைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கரை கூட இருந்தது. மேல் விளிம்போ அப்படியல்ல. அலை வற்றிய மணலில் ஈரம் எந்த இடத்தில் முடிகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாததைப் போல, நோயுற்ற எலும்பு எங்கே முடிந்து நல்ல எலும்பு எங்கே தொடங்குகிறது என்று அங்கே சொல்ல முடியவில்லை. அந்த இடைப்பட்ட பகுதியைத்தான் மாறுவலயம் என்கிறோம். எலும்பைக் கரைக்கும் நோய்களில் நான் முதலில் தேடுவது அதைத்தான். நோய் மெதுவாக வளர்ந்தால், சுற்றியுள்ள எலும்பு தனக்கென ஒரு வேலி கட்டிக்கொள்ள அவகாசம் கிடைக்கும்; மாறுவலயம் ஒடுங்கியிருக்கும். விரைவாகப் பரவினால் அந்த அவகாசம் கிடைக்காது, விளிம்பு அழிந்துவிடும். அதிலும் எலும்பின் கனிமத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை போன பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் அது கறுப்பாகத் தெரியத் தொடங்கும் என்பதால், மங்கிய விளிம்புக்கு அப்பாலும் நோய் இருக்கிறதென்றே கொள்ள வேண்டும்.

ஒரே புண்ணில் ஒரு பக்கம் ஒழுங்காகவும் மறுபக்கம் மோசமாகவும் இருந்தால், மோசமான பக்கத்தை வைத்தே தரப்படுத்த வேண்டும் என்பது எங்களுக்குப் பழகிப்போன விதி. பெரியோஸ்டியல் ரியாக்‌ஷனுக்கும் அதுவே பொருந்தும். நிபுணர் சொன்ன உள்பக்கத்துத் திடமான படை உண்மையாகவே இருந்தது; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெளிப்பக்கத்தில் எலும்புறை இரண்டு மூன்று மெல்லிய ஏடுகளாகப் பிரிந்திருந்தது. அவற்றின் மேல் முனையில், உறை எலும்பின் கடினமான வெளிச்சுவராகிய புறணியிலிருந்து கிளம்பி ஒரு கூர்ங்கோணத்தில் நின்றது. உறைக்குக் கீழே புது எலும்பு உருவாகி இறுகுவதற்கு நேரம் கிடைத்தால் ஒரே தடித்த படை வரும். நோய் விட்டுவிட்டு முன்னேறினால் ஏடு ஏடாக வரும். அதற்கும் நேரம் கொடுக்காமல் உறையை நெட்டித் தள்ளினால், ஓரத்தில் மட்டும் கொட்மன் முக்கோணம் எனப்படும் அந்தக் கூர்ங்கோணம் மிஞ்சும். நிபுணர் முதலில் பார்த்தது வாட்ஸ்அப்பில் வந்த படம் என்று பிறகுதான் தெரிந்தது. வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்து, கைபேசியில் பிடித்து அனுப்பும் படங்களில் முதலில் காணாமற் போவது இத்தகைய மெல்லிய ஏடுகள்தாம். ஆனால் அசல் படத்தைப் பார்த்த பிறகும் அவர் தன் கருத்தை மாற்றவில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

அவருடைய வாதம் இலேசானதல்ல. பிள்ளைகளின் எலும்புறை தளர்வாக ஒட்டியிருப்பதால் சீழ் கூட அதை எளிதில் கிளப்பிவிடும். சீழும் ஏடுகளை உண்டாக்கும், முக்கோணத்தையும் உண்டாக்கும். விளிம்பை அழிப்பதும் சீழுக்குப் புதிதல்ல. லோட்விக்கும் அவருடைய சகாக்களும் 1980இல் விளிம்புகளைத் தரப்படுத்தியபோது, அவற்றை வளர்ச்சி வேகத்தின் அளவாகவே வைத்தார்கள். வேகம் தெரிவதால் காரணம் தெரிந்துவிடாது. நான் அறிக்கையில் எழுதியதும் அதுதான்: விரைவாகப் பரவும் தன்மையுள்ள நோய்; எலும்புப் புற்றுநோயான ஈவிங் சார்கோமா, எலும்புக் கிருமித்தொற்று, லங்கர்ஹான்ஸ் கலப் பெருக்கம் ஆகிய மூன்றும் கருதப்பட வேண்டும். காய்ச்சலும், இரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் உயர்ந்த ஈ.எஸ்.ஆரும் கிருமித்தொற்றைக் காட்டுகின்றன என்று அவர் சொன்னார். ஈவிங்கிலும் அவை இரண்டும் வரும் என்று நான் சொன்னேன். இருவரும் சொன்னது சரி. அந்த இடத்தில்தான் பேச்சு நின்றது.

என் அவசரத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. மாதிரி எடுக்கும் முன் அன்டிபயோட்டிக் கொடுத்தால், தொற்றாக இருந்தாலும் கிருமி வளராமல் போகலாம். பிறகு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. சீழ் என்று நம்பி இங்கே கீறித் திறந்து, அது கட்டியாக இருந்துவிட்டால், கத்தி போன வழியெல்லாம் கட்டியின் கலங்கள் சிதறும்; பின்னர் காலைக் காப்பாற்றும் சத்திரசிகிச்சைக்கு இடமில்லாமற் போகலாம். ஆகையால் பயொப்சியை, கடைசிச் சத்திரசிகிச்சையைச் செய்யப்போகும் குழுவே திட்டமிட்டு எடுக்க வேண்டும். நிபுணர் இதை ஒப்புக்கொண்டுதான் கடிதம் கொடுத்தார்.

திருகோணமலையில் 'மகரகமை' என்று எழுதிய கடிதத்துக்கு விளக்கம் தேவையில்லை. சிறுவனின் தகப்பன் அதை வாங்கிக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தார். "டொக்டர், மகனுக்கு அதுதானா?" என்று கேட்டார். இன்னும் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் அனுப்புகிறோம் என்றேன். அவர் தலையாட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை. சிகிச்சைக்குக் காசு வேண்டாம்தான். ஆனால் கொழும்பு இரவு பஸ்ஸும், தங்குமிடமும், கடலுக்குப் போகாத நாட்களும் அவருடைய கணக்கில் சேர்ந்தவை.

அங்கே எம்.ஆர்.ஐ. எடுத்து, பயொப்சியும் செய்தார்கள். எடுத்த மாதிரியில் பாதி நோயியலுக்கும் பாதி கிருமி வளர்ப்புக்கும் போனது. கட்டியின் கலங்கள் இல்லை. ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமி வளர்ந்தது. பிள்ளை குணமடைந்தான்.

நிபுணர் ஏளனமாக எதுவும் சொல்லவில்லை. "மூன்று கிழமை மருந்தில் இதுவும் அடங்கியிருக்கும் டொக்டர்," என்று மட்டும் சொன்னார். அடங்கியிருக்கலாம். அதே படம் ஈவிங்காக இருந்திருந்தால், மருந்து கொடுத்த மூன்று கிழமையில் வலி சற்றுக் குறைந்ததைக் கண்டு இன்னும் மூன்று கிழமை பொறுத்திருப்போம் என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். அது நியாயமான வாதம். ஆனால் நடக்காத ஒன்றைக் காட்டி, நடந்ததை நியாயப்படுத்துகிறேனோ என்ற சந்தேகமும் கூடவே வருகிறது. முழங்காலுக்கு அண்மையில், வளர்ச்சித் தட்டுக்குப் பக்கத்தில், காய்ச்சலுள்ள ஒரு பிள்ளை. நம் பகுதியில் நாங்கள் காண்பதில் ஈவிங்கை விடக் கிருமித்தொற்றே மிக அதிகம். இவ்வளவு தெரிந்தும் மூன்று பெயர்களில் ஈவிங்கை ஏன் முதலில் எழுதினேன்? மோசமான விளிம்பைத் தரப்படுத்தும் விதி படத்துக்குரியது. பெயர்களின் வரிசைக்கும் அதையே பயன்படுத்த வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

அதே படம் நாளை வந்தாலும் அனுப்பத்தான் சொல்வேன் என்று அவரிடம் சொன்னேன். இப்படிச் சொன்ன பிறகு வந்த ஓர் அறிக்கையில், ஏறத்தாழ அதே மாதிரியான மேல் விளிம்புக்கு, கிருமித்தொற்றை முதலாவதாகவும் ஈவிங்கை இரண்டாவதாகவும் எழுதினேன். பரிந்துரையில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அதைப் படித்த இளம் மருத்துவர் முதல் பெயரோடு நிறுத்திக்கொண்டு மருந்தைத் தொடங்கிவிடுவாரோ என்று தோன்றியதால், வார்டுக்கு நானே தொலைபேசி எடுத்து, மாதிரி எடுக்கும்வரை அன்டிபயோட்டிக் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.