ஆறு இலக்க எண்ணை அனுப்பிய பிறகு நான் காத்திருந்த ஏழு நாட்கள்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொருளாளராக நான் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். மாதப் பராமரிப்புக் கட்டணம் குறித்த நினைவூட்டல்கள் என் வாட்ஸ்அப் எண்ணிலிருந்துதான் குழுவுக்குப் போகும். பணம் கேட்டு நான் எழுதுவது அங்கே இயல்பான ஒன்று என்பதால்தான், என் கணக்கு பறிபோன அந்தச் சனிக்கிழமை எனக்கு நேர்ந்ததைவிட மற்றவர்களுக்கு நேர்ந்தது பெரிதாயிற்று.

முற்பகல் 11.20 மணிக்கு, பழைய அலுவலகத்தில் என்னோடு பணிபுரிந்த தோழியின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. அவருக்கு வரவேண்டிய ஆறு இலக்க எண்ணொன்று தவறுதலாக என் கைப்பேசிக்கு வந்துவிட்டதாகவும், அவசரமாகத் தேவைப்படுவதால் அதை உடனே அனுப்பும்படியும் அதில் எழுதியிருந்தது. சொன்னபடியே அதற்கு ஒரு நிமிடம் முன்பு குறுஞ்செய்தி ஒன்று வந்திருந்தது. திரையின் மேற்பகுதியில் தெரிந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, குறுஞ்செய்தியைத் திறக்காமலேயே அதை அப்படியே தட்டச்சிட்டு அனுப்பிவிட்டேன். திறந்திருந்தால் அது என் வாட்ஸ்அப் கணக்கைப் பதிவுசெய்வதற்கான எண் என்பதும், யாருடனும் பகிர வேண்டாம் என்பதும் அதே வரியில் தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் நான் கவனித்திருக்க வேண்டும். பதினைந்து ஆண்டுப் பழக்கத்தில் அந்தத் தோழி என்னை "அக்கா" என்று அழைக்காமல் ஒரு வரிகூட எழுதியதில்லை, அன்று வந்த செய்தியிலோ வெறும் "வணக்கம்" மட்டுமே இருந்தது. அதற்குக் காரணம் பின்னால்தான் விளங்கியது. ஒருவருடைய எண்ணை வேறொரு கைப்பேசியில் பதிவுசெய்யும்போது பழைய உரையாடல்கள் அந்தப் புதிய கருவிக்குத் தாமாகப் போய்ச் சேர்வதில்லை. அவை சொந்தக்காரரின் கைப்பேசியிலும் அவருடைய காப்புப் பிரதியிலும் மட்டுமே இருக்கின்றன. எனவே, திருடியவருக்கு என் தோழியின் எண் கிடைத்ததே தவிர, நாங்கள் எப்படிப் பேசிக்கொள்வோம் என்பது கிடைக்கவில்லை. அவர் என்னைக் கண்டுபிடித்ததும் தோழியின் தொடர்புப் பட்டியலிலிருந்து அல்ல, நாங்கள் இருவரும் இருந்த பழைய அலுவலகக் குழுவின் உறுப்பினர் பட்டியலிலிருந்து.

எண்ணை அனுப்பிய சில நிமிடங்களில், இந்தக் கைப்பேசியில் உங்கள் எண் இப்போது பதிவில் இல்லை, வேறொரு கைப்பேசியில் நீங்கள் பதிவுசெய்திருக்கக்கூடும் என்ற அறிவிப்பு என் திரையில் வந்தது. செயலியில் ஏதோ கோளாறு என்று எண்ணிக் கைப்பேசியை வைத்துவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டேன். அந்த அறிவிப்புதான் திருட்டு நடந்ததற்கான முதல் சான்று, அதன் பொருளும் அதில் எழுதப்பட்டிருந்ததேதான். வாட்ஸ்அப் கணக்குக்குக் கடவுச்சொல் என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு எண் இன்னாருடையது என்பதைக் குறுஞ்செய்தியில் வரும் அந்த ஆறு இலக்கங்களைக் கொண்டே செயலி முடிவுசெய்கிறது. அவற்றை யார் எந்தக் கைப்பேசியில் இடுகிறாரோ, கணக்கு அந்தக் கைப்பேசிக்குப் போய்விடும், முந்தைய கைப்பேசி வெளியேற்றப்படும்.

மதியம் 1.10 மணிக்கு இரண்டாம் மாடியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "பராமரிப்புத் தொகைக்குப் புது யுபிஐ எண் கொடுத்திருக்கிறீர்களே, பணம் அனுப்பப் போனால் சங்கத்தின் பெயர் வராமல் வேறு யாருடைய பெயரோ வருகிறதே, அக்கா" என்று கேட்டபோதுதான் எனக்கு உண்மை உறைத்தது. நடந்தது இதுதான். அன்று காலை ஒருவர் இந்த மாதத் தொகையை எந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று குழுவில் கேட்டிருந்தார். யாரும் பதில் சொல்லாததால் நண்பகலில் மீண்டும் கேட்டிருக்கிறார். பழைய உரையாடல் எதுவும் கையில் இல்லாத திருடருக்கு, அந்த ஒரு கேள்வியே நான் யார், இந்தக் குழுவில் எதற்காகப் பணம் அனுப்புவார்கள் என்பதைச் சொல்லிவிட்டது. என் பெயரில் அவர் பதில் எழுதினார். மூன்று வீட்டார் தலா 2,500 ரூபாய் அனுப்பியிருந்தார்கள். என்னை அழைத்தவர் மட்டும், பணம் செலுத்தும் முன் யுபிஐ திரை காட்டும் பெறுநரின் பெயரைப் படித்துவிட்டு நிறுத்தியிருக்கிறார்.

உடனே வாட்ஸ்அப்பைத் திறந்து என் எண்ணை மீண்டும் பதிவுசெய்ய முயன்றேன். பதற்றத்தில் காலையில் வந்த பழைய எண்ணையே இரண்டு முறை இட்டேன். ஒரு முறை பயன்பட்ட எண் மறுபடி செல்லாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. தவறான முயற்சிகள் சேர்ந்ததால், அடுத்த எண்ணைக் கேட்கச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று திரையில் நேரம் ஓடத் தொடங்கியது. அந்த நேரம் முடியும்வரை திருடர் என் கணக்கில்தான் இருந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் வேதனையாக இருக்கிறது. செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவும்படி தெருமுனைக் கைப்பேசிக் கடைக்காரர் சொன்னார், நல்ல வேளையாக நான் அதைச் செய்யவில்லை. நீக்கினாலும் அந்தக் காத்திருப்பு குறையாது, கைப்பேசியில் இருந்த என் உரையாடல்களும் கடைசிக் காப்புப் பிரதியில் இருந்த அளவுக்குத்தான் திரும்பக் கிடைத்திருக்கும்.

அந்த இடைவெளியில் உண்மையில் பயன்பட்டது ஒரே ஒரு செயல். எங்கள் குழுவுக்கு என்னைத் தவிர இன்னொரு நிர்வாகியும் இருந்தார். அவரைத் தொலைபேசியில் அழைத்து, என் எண்ணைக் குழுவிலிருந்து நீக்கச் சொன்னேன். நீக்கிய கணமே திருடர் அந்தக் குழுவுக்கு வெளியே போய்விட்டார், பிறகு அங்கே எழுதப்பட்ட எச்சரிக்கையையும் அவரால் படிக்க முடியவில்லை. நான் மட்டுமே நிர்வாகியாக இருந்திருந்தால் அந்தக் கதவை அடைக்க எவராலும் முடிந்திருக்காது. மற்ற குழுக்களுக்கும் இதே வழியில் தெரியப்படுத்தினேன். உறவினர்களுக்குச் சாதாரணக் குறுஞ்செய்தி அனுப்பினேன், வயதானவர்களை நேரடியாக அழைத்தேன்.

பணம் அனுப்பிய மூவரும் அவரவர் கைப்பேசியிலிருந்து 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்தார்கள். நானே மூவருக்கும் சேர்த்துப் புகார் செய்யலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால், யாருடைய வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனதோ அவரிடம்தான் விவரங்கள் இருக்கும். பணம் அனுப்பிய நேரம், தொகை, வங்கியின் பெயர், யுபிஐ பரிவர்த்தனைக்குரிய 12 இலக்கக் குறிப்பு எண் ஆகியவற்றைக் கேட்டார்கள். அந்தக் குறிப்பு எண்ணைச் செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலில் தேடி எடுப்பதற்குள் ஒருவருக்கு அரை மணி நேரம் கடந்துவிட்டது. அழைப்பு முடிந்ததும் ஒப்புகை எண் வந்தது, அதை வைத்து cybercrime.gov.in தளத்தில் புகாரை முழுமையாகப் பதிவுசெய்தார்கள்.

மாலை 6.40 மணிக்குப் புதிய எண் வந்தது. அதை இட்டதும் திறந்துவிடும் என்று எண்ணியிருந்த எனக்கு, இரண்டடுக்குச் சரிபார்ப்புக்குரிய ஆறு இலக்க ரகசிய எண்ணைக் கேட்கும் திரை வந்தது. நான் அப்படி ஒன்றை வைத்ததே இல்லை. என் கணக்குக்குள் நுழைந்த திருடர் முதல் வேலையாக அதை வைத்திருக்கிறார். அந்த எண் தெரியாவிட்டால், ஏழு நாட்கள் கழித்தே அது இல்லாமல் உள்ளே போக முடியும். அன்றிரவு நான் மிகவும் உடைந்துபோனேன், இன்னும் ஏழு நாட்கள் அவர் என் பெயரில் எழுதிக்கொண்டிருப்பார் என்று நம்பினேன்.

அது தவறான அச்சம். இந்த நிலையில் சிக்கியிருப்பவர்களுக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன். குறுஞ்செய்தியில் வந்த எண்ணைச் சரியாக இட்ட அந்த நொடியிலேயே திருடர் வெளியேற்றப்பட்டுவிட்டார், ரகசிய எண் எனக்குத் தெரியுமா தெரியாதா என்பது அதைப் பாதிப்பதில்லை. அடுத்த ஏழு நாட்களில் அந்தக் கணக்கு என்னிடமும் இல்லை, அவரிடமும் இல்லை. அவர் மீண்டும் நுழைய வேண்டுமானால் புதிய எண் தேவை, அதுவும் என் கைப்பேசிக்குத்தான் வரும். அப்படி இரண்டு குறுஞ்செய்திகள் ஞாயிறு காலையில் வரவும் செய்தன. அவற்றை நான் யாருக்கும் சொல்லவில்லை, எந்தத் திரையிலும் இடவுமில்லை.

ஏழாம் நாள் முடிந்ததும் ரகசிய எண்ணை நீக்கிப் பதிவை நிறைவுசெய்ய முடிந்தது. பழைய உரையாடல்கள் கைப்பேசியில் அப்படியே இருந்தன. கணக்கு யாரிடமும் இல்லாத நாட்களில் எனக்கு அனுப்பப்பட்டவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவற்றில் சில, அனுப்பியவர் தம் கைப்பேசியைத் திறக்கும்வரை "செய்திக்காகக் காத்திருக்கிறது" என்ற குறிப்போடு நின்றிருந்தன. சனிக்கிழமை முற்பகல் முதல் மாலைவரை எனக்கு எழுதப்பட்டவை மட்டும் வரவில்லை, அவை திருடரின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்தவை. அவர் என் பெயரில் யாருக்கெல்லாம் எழுதினார் என்பதும் என் திரையில் தெரியவில்லை. ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது, ஒன்பது பேரிடம் பணம் கேட்டிருந்தார்.

உள்ளே நுழைந்ததும் முதலில் Linked devices பகுதியைப் பார்த்தேன், அங்கே எந்தக் கணினியும் இணைந்திருக்கவில்லை. அடுத்து Settings, Account, Two-step verification என்ற வழியில் போய் எனக்கென ஒரு ரகசிய எண்ணை வைத்து, அதை மறந்தால் மீட்பதற்கு மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்தேன். இது முன்பே இருந்திருந்தால், நான் குறுஞ்செய்தி எண்ணை அனுப்பிய பிறகும் திருடர் இந்தத் திரையிலேயே நின்றிருப்பார், ஏழு நாள் காத்திருப்பும் அவருக்கு உரியதாகியிருக்கும். ஆனால், அவர் பேச்சுவாக்கில் கேட்டு நான் ரகசிய எண்ணையும் கொடுத்திருந்தால் அதுவும் என்னைக் காப்பாற்றியிருக்காது. அவ்வப்போது அந்த எண்ணை இடும்படி செயலி கேட்பது நாம் மறக்காமல் இருப்பதற்காகத்தான், அதைச் செயலிக்குள் மட்டுமே இட வேண்டும்.

என் தோழியின் கணக்கு முந்தைய இரவே இதே முறையில் பறிபோயிருந்தது. தெரிந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து எச்சரித்துக்கொண்டிருந்த அவர், என் பெயருக்கு வந்து சேர்வதற்குள் நான் எண்ணை அனுப்பிவிட்டிருந்தேன். "உங்களை முதலில் அழைத்திருக்க வேண்டும், அக்கா" என்று அழுதார். அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று அவரிடம் சொன்னேன், அதுதான் உண்மை.

மூவரில் ஒருவரின் 2,500 ரூபாய் பெறுநரின் வங்கியில் முடக்கப்பட்டது, அது திரும்பி வருவதற்கான நடைமுறை இன்னும் முடியவில்லை. மற்ற இருவரின் தொகை புகார் போவதற்குள் எடுக்கப்பட்டுவிட்டது. அந்த 5,000 ரூபாயை நான் சங்கக் கணக்கில் செலுத்தி, அவ்விருவருக்கும் அந்த மாதத்துக்கான ரசீதைக் கொடுத்தேன். பராமரிப்புத் தொகைக்குரிய யுபிஐ எண்ணும் கணக்கின் பெயரும் இப்போது மின்தூக்கிக்குப் பக்கத்தில் உள்ள அறிவிப்புப் பலகையில் அச்சிட்டு ஒட்டப்பட்டிருக்கின்றன. அதில் மாற்றம் ஏதும் வந்தால் குழுவில் எழுதுவதில்லை, பலகையில்தான் மாற்றுகிறோம்.