கேரமல் புட்டிங்: நாலு தடவை செய்து எழுதிய அளவு

பழைய நோட்டில் நானே எழுதி வைத்திருந்த குறிப்பு இவ்வளவுதான்: "பால் 2 டம்ளர், முட்டை 4, சர்க்கரை வேண்டிய அளவு. ஆவியில் வேக வைக்கவும்." எழுதியபோது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருந்திருக்கும். மூன்று வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் எந்த டம்ளர் என்பதே நினைவில்லை. வீட்டில் இருந்த டம்ளரில் தண்ணீர் பிடித்து எடை போட்டேன். விளிம்பு வரை 240 கிராம், வழக்கமாக ஊற்றும் அளவுக்கு 200. இரண்டு டம்ளருக்கு 80 மி.லி. வித்தியாசம். புட்டிங் கத்தியால் வெட்ட வருமா, கரண்டியால் அள்ளித்தான் சாப்பிட வேண்டுமா என்பதை மாற்ற அது போதும்.

அதனால் இந்தத் தடவை தராசோடு உட்கார்ந்தேன். நாலு ஞாயிற்றுக்கிழமை, நாலு புட்டிங்.

முதல் ஞாயிறு. பால் 500 மி.லி., முட்டை 4, சர்க்கரை 80 கிராம். அளவில் குறையில்லை, தீயில்தான் கெட்டது. இட்லிக்கு வைப்பது போலத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு மூடி போட்டேன். இருபது நிமிடத்தில் வெந்துவிட்டது. கவிழ்த்து வெட்டினால் உள்ளே முழுக்கப் பொத்தல், பஞ்சு மாதிரி. தட்டில் தண்ணீரும் கசிந்து நின்றது. முட்டையும் பாலும் சேர்ந்த கலவை 80 டிகிரி செல்சியஸை ஒட்டி இறுகுகிறது. அதற்கு மேலே சூடு ஏற ஏற முட்டையின் புரதம் இன்னும் சுருங்கி, தான் பிடித்து வைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். சுற்றிலும் 100 டிகிரி ஆவி அடித்தால் ஓரம் நடுப்பகுதிக்கு முன்பே அந்த நிலைக்குப் போய்விடுகிறது. பொத்தல் இருந்தால் அளவை மாற்றாதீர்கள், தீயைக் குறையுங்கள். நான் முட்டையைக் குறைக்கத்தான் கிளம்பினேன், நல்லவேளையாகச் செய்யவில்லை.

இரண்டாம் ஞாயிறு. தீயைக் குறைத்தேன், புட்டிங் வழவழவென்று வந்தது. ஆனால் கேரமல் கசந்தது. இதற்குக் காரணம் நான் படித்துக்கொண்டிருந்த குறிப்புதான். போனில் ஒரு செய்முறையைத் திறந்து வைத்திருந்தேன். அதில் கேரமல் பற்றி ஏழு வரியில் ஒரே பத்தி. சர்க்கரை தேன் நிறத்துக்கு வந்த நேரத்தில் நான் நாலாவது வரியில் இருந்தேன். போன் திரை அணைந்துவிட்டது. ஈரக் கையால் அதைத் தட்டித் திறந்து, விட்ட வரியைத் தேடிப் பிடித்து, "உடனே அடுப்பை அணைக்கவும்" என்று படித்தபோது பாத்திரத்திலிருந்து புகை வந்துவிட்டது. தேன் நிறத்திலிருந்து கருகுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அடுப்பை அணைத்த பிறகும் பாத்திரத்தின் சூட்டிலேயே அது இன்னும் கருத்துக்கொண்டு போகும்.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. அடுப்பில் சர்க்கரை இருக்கும்போது ஒருவரால் ஒரு வரிதான் படிக்க முடியும். அதுவும் அரைப் பார்வையில். அதனால் கேரமல் பகுதியை மட்டும் துண்டு துண்டாக வெட்டினேன். ஒரு வரியில் ஒரு வேலை, வரியின் கடைசியில் நிறுத்த வேண்டிய அடையாளம். "ஏன்" என்பதெல்லாம் வேறு இடத்துக்குப் போயிற்று. அளந்து எடுத்து வைக்கும் வேலையை எல்லாம் அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னாலேயே முடிக்கும்படி வரிசையை மாற்றினேன். முன்பு "அடி பிடிக்காத டின்னில் ஊற்றவும்" என்று நடுவில் வரும். டின்னைத் தேடி அலமாரியைத் திறப்பதற்குள் கேரமல் போய்விடும்.

மூன்றாம் ஞாயிறு. கேரமல் சரி, தீ சரி. மேற்பரப்பில் மட்டும் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள், நடுவில் நீர்த்த கலவை. மூடியில் சேர்ந்த ஆவி நீர் சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்திருக்கிறது. அடுத்த தடவை டின்னின் வாயை அலுமினியத் தாளால் இறுக மூடினேன், அதோடு தீர்ந்தது.

முட்டையும் இந்தத் தடவைதான் மாட்டியது. ஒரே அட்டையில் எடுத்த நாலு முட்டையை உடைத்துத் தனித்தனியாக எடை போட்டேன். சிறியது 44 கிராம், பெரியது 56. நாலும் சிறியதாக அமைந்தால் 176, நாலும் பெரியதாக அமைந்தால் 224. ஒரு முட்டையே கூடக் குறைய இருக்கிற கணக்கு. அதனால் குறிப்பில் எண்ணிக்கையைப் பின்னால் தள்ளி, எடையை முன்னால் போட்டேன்.

நாலாம் ஞாயிறு செய்ததுதான் கீழே இருப்பது. 15 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரமுள்ள வட்ட டின்னுக்கான அளவு, ஆறு பேருக்கு வரும்.

எடுத்து வைக்க:
பால் – 500 மி.லி.
முட்டை – ஓடில்லாமல் 200 கிராம் (ஏறக்குறைய 4)
சர்க்கரை – 80 கிராம், கலவைக்கு
சர்க்கரை – 80 கிராம், கேரமலுக்கு (வேறு கிண்ணத்தில்)
தண்ணீர் – 30 மி.லி., கேரமலுக்கு
வெனிலா எசென்ஸ் – 5 மி.லி. (1 டீஸ்பூன்)
காய்ந்த டின், அலுமினியத் தாள், வடிகட்டி, பழைய துணி ஒன்று

கேரமல்:
1. டின்னை அடுப்புப் பக்கத்தில் வை.
2. சர்க்கரை 80, தண்ணீர் 30. நடுத்தரத் தீ.
3. கிளறாதே. பாத்திரத்தை மட்டும் சுழற்று.
4. தேன் நிறம் வந்ததும் அணை.
5. உடனே டின்னில் ஊற்று. சாய்த்து அடி முழுக்கப் பரப்பு.
6. ஆற விடு. தொடாதே.

கலவை:
7. பாலில் சர்க்கரை 80 கரை. ஓரத்தில் சின்னக் குமிழ் வந்ததும் அணை. 5 நிமிடம் ஆற விடு.
8. முட்டையை நுரை வராமல் கலக்கு.
9. பாலை மெல்லிய தாரையாக முட்டையில் ஊற்று. கலக்கிக்கொண்டே இரு.
10. வெனிலா சேர். வடிகட்டி டின்னில் ஊற்று.
11. மேலே நிற்கும் நுரையை ஸ்பூனால் எடு. தாளால் மூடு.

வேக வைக்க:
12. அகலப் பாத்திரத்தின் அடியில் துணி, மேலே டின்.
13. கொதிநீரை டின்னின் பாதி உயரம் வரை ஊற்று.
14. மூடி போடு. மிகக் குறைந்த தீ, 35 நிமிடம்.
15. டின்னை ஆட்டிப் பார். நடுவில் மட்டும் அதிர்ந்தால் அணை. அலையடித்தால் இன்னும் 5 நிமிடம்.
16. மூடியோடு 10 நிமிடம் விடு. வெளியே எடுத்து ஆற வை.
17. ஃபிரிட்ஜில் குறைந்தது 4 மணி நேரம்.
18. ஓரத்தில் கத்தி ஓட்டு. தட்டைக் கவிழ்த்து மூடித் திருப்பு.

"வை", "அணை" என்று ஒருமையில் எழுதியதற்கு மன்னிக்கவும். முதலில் மரியாதையாக "வைக்கவும்", "அணைக்கவும்" என்றுதான் இருந்தது. வரி நீண்டு போனது. அடுப்பு முன்னால் நிற்பவருக்கு நாலு எழுத்து குறைவாக இருப்பதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

3-ஆம் வரியில் கிளறாதே என்பதற்குக் காரணம் உண்டு. கரண்டி பட்டால் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரைத் துகள் உள்ளே விழுந்து, பாகு முழுவதும் மீண்டும் கற்கண்டு மாதிரி பூத்துவிடும். பூத்துவிட்டால் தூக்கிப் போட வேண்டாம், இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு மறுபடி கரைத்தால் சரியாகிவிடும். கருகினால்தான் வழியில்லை. அதை ஊற்றிவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதே மலிவு.

15-ஆம் வரிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பல குறிப்புகளில் நடுவில் கத்தியைக் குத்தி, ஒட்டாமல் வந்தால் வெந்தது என்று இருக்கும். கேக்குக்கு அது பொருந்தும். இதற்கு, நடுவிலும் ஒட்டாமல் வரும்போது ஓரம் ஏற்கெனவே தாண்டிப் போயிருக்கும். அணைத்த பிறகும் உள்சூட்டில் வேகும் அல்லவா. டின்னை லேசாக ஆட்டும்போது ஓரம் அசையாமல் நின்று, நடுவில் உள்ளங்கை அளவு மட்டும் அதிர வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 80 டிகிரி காட்டும்போது எடுத்துவிடலாம்.

எழுதி முடித்து அக்காவுக்கு அனுப்பினேன். அடுத்த நாள் போன் வந்தது.

"ஏண்டி, நீ எழுதின மாதிரியேதான் செஞ்சேன். மறுபடியும் பொத்தல்."

"தீ எவ்வளவு வெச்சே?"

"குறைச்சுதான் வெச்சேன். இருக்கறதுலயே சின்ன அடுப்பு."

"தண்ணி கொதிச்சுதா?"

"கொதிக்காம எப்படி வேகும்? மூடி கடகடன்னு ஆடுச்சு."

அவள் அடுப்பின் குறைந்த தீ, என் அடுப்பின் நடுத்தரத் தீ. "மிகக் குறைந்த தீ" என்று நான் எழுதியதும் என் பழைய "2 டம்ளர்" மாதிரியேதான் என்று அப்போதுதான் உறைத்தது. தீயை அளக்க வீட்டில் தராசு கிடையாது. அதனால் தண்ணீரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். 14-ஆம் வரியை இப்படி மாற்றிவிட்டேன், மேலே உள்ளதை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள்:

14. மூடியைச் சற்றே விலக்கிப் போடு. தண்ணீர் நடுங்கலாம், குமிழ் விடக் கூடாது. 35 நிமிடம்.

குமிழ் வந்தால் அரை டம்ளர் பச்சைத் தண்ணீரைப் பக்கத்தில் ஊற்றினால் அடங்கும். தண்ணீர் நடுங்கக்கூட இல்லையென்றால் நேரம் ஐம்பது நிமிடம் வரை போகலாம், புட்டிங்குக்கு ஒன்றும் ஆகாது. தீ கூடினால்தான் கெடும்.

இனிப்பு போதவில்லை என்று அக்கா கலவைச் சர்க்கரையை 120 ஆக்கியும் பார்த்தாள். இறுகியது, ஆனால் தளர்வாக, கவிழ்த்தபோது ஒரு பக்கம் சரிந்தது. சர்க்கரை கூடினால் முட்டை இறுக இன்னும் அதிகச் சூடு கேட்கும். இனிப்பு வேண்டுமென்றால் கேரமலைக் கூட்டிக்கொள்ளுங்கள், 100 கிராம் வரை டின் தாங்கும்.

கவிழ்க்கும்போது டின்னின் அடியில் கொஞ்சம் கேரமல் கல்லாக ஒட்டியிருக்கும். நாலு மணி நேரத்தில் எடுத்தால் நிறைய ஒட்டும். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இருந்தால் புட்டிங்கின் ஈரத்திலேயே பெரும்பாலும் கரைந்து பாகாகிவிடும், மேலே ஊற்றவும் கூடுதலாகக் கிடைக்கும். மிச்சத்தைச் சுரண்ட வேண்டாம். டின்னில் சூடான தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் வைத்தால் தானே கரைந்துவிடும். கேரமல் காய்ச்சிய பாத்திரத்திலும் தண்ணீர் விட்டு ஒரு கொதி வரவிட்டால் போதும்.