கோரஸில் ஒரு சின்ன நிஷாதம்

மும்பை அந்தேரியில் வாடகை ஸ்டுடியோக்களில் கீபோர்டு வாசித்தும் பாட்டுகளுக்கு அரேஞ்ச்மென்ட் செய்தும் பிழைக்கிறேன். சமீபத்தில் செம்பூரிலிருந்து ஒரு தமிழ் பேண்ட் வந்தது. பாட்டு டி மேஜரில். சரணம் நன்றாகவே இருந்தது. கோரஸ் மட்டும் சரணத்தின் தொடர்ச்சியாகவே ஒலித்தது. "சத்தத்தைக் கூட்டாம கொஞ்சம் திறந்த மாதிரி வேணும்ணா, ஆனா டென்ஷன் வேண்டாம்" என்றான் கிடார் வாசிக்கும் தம்பி. இதைக் கேட்டாலே எனக்கு மிக்ஸோலிடியன்தான் நினைவுக்கு வரும்.

மேஜர் ஸ்கேலில் ஏழாவது ஸ்வரத்தை அரைப்படி இறக்கினால் மிக்ஸோலிடியன். நம் கணக்கில் அதன் ஸ்வரங்கள் ஹரிகாம்போஜியின் ஸ்வரங்கள். சங்கராபரணத்தின் காகலி நிஷாதம் போய் கைசிகி நிஷாதம் வரும். டி-யை ஷட்ஜமாக வைத்தால் சி ஷார்ப் போய் வெறும் சி வருகிறது. அந்த சி-யின் மேல் கட்டும் மேஜர் கார்டைத்தான் ஃபிளாட் செவன் என்கிறோம். மூன்றாவது ஸ்வரமான எஃப் ஷார்ப் அப்படியே இருப்பதால் வெளிச்சம் குறையாது. சி ஷார்ப் எப்போதும் டி-யை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அது இல்லாததால் அவசரம் போய்விடுகிறது. வெளிச்சமும் நிதானமும் ஒன்றாகக் கிடைப்பது இதனால்தான்.

ஆனால் இது தானாக வேலை செய்யாது. சரணத்தில் காது சி ஷார்ப்புக்குப் பழகியிருக்க வேண்டும். அதனால் சரணத்தில் ஏ மேஜர் கார்டை அப்படியே விட்டேன். கோரஸுக்கு முந்தைய பாரையும் ஏ-யில் முடித்தேன். கோரஸ் டி-யில் இறங்கும்போது இன்னும் எதுவும் மாறியதாகத் தெரியாது. மூன்றாவது பாரில் சி கார்ட் விழும்போதுதான் பாட்டு திறக்கிறது. சரணத்திலேயே சி கார்டைப் பயன்படுத்தியிருந்தால் அந்தத் தருணமே இருக்காது.

பேண்ட் முதலில் போட்டுப் பார்த்த வரிசை டி, சி, ஜி, ஜி, ஒவ்வொன்றும் ஒரு பார். பழைய சிக்கல் உடனே வந்தது. டி, சி, ஜி மூன்றும் ஜி மேஜரிலும் உள்ள கார்டுகள்தான். ஜி-யில் அதிக நேரம் நின்றால் காது ஜி-யையே வீடு என்று எடுத்துக்கொள்ளும். டி வெறும் வழிப்போக்கனாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பாட்டைத் திடீரென்று நிறுத்தி, எந்த ஸ்வரத்தில் ஓய்வு கிடைக்கிறதோ அதை முணுமுணுக்கச் சொல்லுங்கள். நிறுத்தியதும் அங்கிருந்த எல்லோரும் ஜி-யைப் பிடித்தார்கள்.

வரிசையை டி, டி, சி, ஜி என்று மாற்றினோம். டி-க்கு இரண்டு பார், அடுத்த சுற்றும் டி-யிலேயே தொடங்கும். முதல் சுற்றில் சி கார்டுக்குக் கீழேயும் பேஸ் கிடார் டி-யையே பிடித்தது. இரண்டாவது சுற்றில்தான் பேஸ் சி-க்கு இறங்கியது. மெட்டு டி கார்டில் எஃப் ஷார்ப்பிலும் ஏ-யிலும் நிற்க வேண்டும், ஒவ்வொரு சுற்றும் அங்கேதான் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். கீபோர்டில் டி செவன் கார்ட் வைக்கும் ஆசையை மட்டும் பிடிவாதமாகத் தடுத்தேன். அதில் எஃப் ஷார்ப்பும் சி-யும் சேர்ந்து ஜி-யை நோக்கி இழுக்கும். நாம் கஷ்டப்பட்டுக் காப்பாற்றிய வீடு மறுபடி நகர்ந்துவிடும். சாதாரண டி மேஜர் போதும்.

பாடிய அக்கா மாட்டுங்காவில் வளர்ந்தவர், கர்நாடக சங்கீதம் நன்றாகக் கற்றவர். சரணத்தில் காகலி நிஷாதத்தில் ஊறியிருந்த குரல், கோரஸின் சி கார்டின் மேலும் பிருகாவில் சி ஷார்ப்பைத் தொட்டுவிட்டது. கார்டில் சி, குரலில் சி ஷார்ப். அரை ஸ்வர இடைவெளியில் இரண்டும் உரச, சுருதி விலகியது போலக் கேட்டது. உண்மையில் அவர் சுருதியில்தான் இருந்தார். பிட்ச் திருத்தும் மென்பொருளில் இதைச் சரிசெய்ய முடியும்; ஆனால் பிருகாவின் உயிர் போய்விடும். தம்புரா வைத்து, "அக்கா, சாகித்யத்தை விட்டுட்டு ஹரிகாம்போஜி ஸ்வரம் மட்டும் கொஞ்சம் பாடுங்க" என்று கேட்டேன். பாடியதும், "ஓ, இங்க சின்ன நி-யா!" என்றார். நிஷாதத்தை அசைக்காமல் நிறுத்திப் பிடிக்கவும் கேட்டுக்கொண்டேன், கார்ட் நிலையாக நிற்கும் இடத்தில் கமகம் அதை மங்கலாக்கும் என்பதால். அடுத்த டேக்கில் அந்த சி கார்ட் மலர்ந்து ஒலித்தது. என் வேலையில் எனக்கு மிகப் பிடித்த நொடி அதுதான்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஜி-யிலிருந்து டி-க்கு வரும் முடிவு மென்மையானது. முற்றுப்புள்ளி வைக்கும் பலம் அதற்கில்லை. அதனால் கடைசி கோரஸின் இறுதி பாரில் மட்டும் ஜி-க்குப் பதில் ஏ மேஜரைக் கொண்டுவந்து, சி ஷார்ப்பின் தள்ளுதலோடு டி-யில் முடித்தோம்.