வேலையை விட்ட பிறகு என் சூப்பரானுவேஷன் சர்டிபிகேட்டைப் படித்த கதை

2022 ஜனவரி 31 அன்று, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நான் பத்தரை ஆண்டுகள் வேலை பார்த்த தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தேன். பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டும் தெரிந்த சங்கதி. மூன்றாவதாக, சூப்பரானுவேஷன் என்று ஒரு ஓய்வூதியத் திட்டம் இருந்தது. என் பேசிக் சம்பளத்தில் 15 சதவீதத்தைக் கம்பெனி ஒரு டிரஸ்டுக்குக் கொடுக்கும். அந்த டிரஸ்ட் ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் குரூப் சூப்பரானுவேஷன் பாலிசியில் போட்டு வைக்கும். மொத்தச் சம்பளக் கணக்கைக் காட்டும் சி.டி.சி. தாளில் மாதம் 4,800 ரூபாய் என்று ஒரு வரி. அதை வைத்து என்ன வரும், எப்போது வரும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பிப்ரவரி நடுவில் எச்.ஆரிலிருந்து மெயில் வந்தது. 'உறுப்பினராக 5 ஆண்டுகள் நிறைவடையாததால் இத்திட்டத்தில் தங்களுக்கு உரிய தொகை: 0'.

பத்து வருஷம் வேலை பார்த்தவனுக்கு எப்படி ஐந்து வருஷம் ஆகாமல் போகும்? பீரோவில் கிடந்த சர்டிபிகேட்டை எடுத்தேன். ஒரே தாள். மாஸ்டர் பாலிசி எண், உறுப்பினர் எண், பெயர், பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, திட்டத்தில் சேர்ந்த தேதி, ஓய்வு பெறும் தேதி, நாமினி. பணியில் சேர்ந்த தேதி 06-06-2011 என்று சரியாகவே இருந்தது. திட்டத்தில் சேர்ந்த தேதியில்தான் 01-04-2017 என்று இருந்தது. அங்கிருந்து எண்ணினால் 2022 ஜனவரிக்கு நான்கு ஆண்டு பத்து மாதம்தான்.

இந்த இரண்டு தேதிகளும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் டிரஸ்ட் விதிப்படி, வேலை நிரந்தரமான பிறகு வரும் ஏப்ரல் 1ல்தான் உறுப்பினராவோம். ஆகவே என் சரியான தேதி 01-04-2012. வித்தியாசம் பத்து மாதம் என்றால் அது விதி. ஆறு வருஷம் என்றால் எங்கோ தப்பு.

காரணம் ஆண்டுக் கணக்கு அறிக்கையில் கிடைத்தது. 2017-18 அறிக்கையின் முதல் வரியில் 'மாற்றி வந்த தொகை' என்று சுமார் 2,43,000 ரூபாய் இருந்தது. அந்த ஏப்ரலில் டிரஸ்ட் காப்பீட்டு நிறுவனத்தையே மாற்றியிருக்கிறது. பழைய பாலிசியை முடித்து, எல்லோருடைய பணத்தையும் புதிய இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். புதிய நிறுவனத்துக்குப் போன உறுப்பினர் பட்டியலில், திட்டத்தில் சேர்ந்த தேதி என்ற கட்டத்தில் எல்லோருக்கும் புதிய மாஸ்டர் பாலிசி தொடங்கிய தேதியையே போட்டுவிட்டார்கள். பணம் சரியாகப் போய்விட்டது, தேதி மட்டும் வழியில் தொலைந்துவிட்டது.

நான் முதலில் செய்த தவறு, காப்பீட்டு நிறுவனத்துக்கு நேரே எழுதியது. இரண்டே வரியில் பதில் வந்தது: பாலிசிதாரர் டிரஸ்ட்தான், டிரஸ்டிகள் எழுதிக் கொடுத்தால் மட்டுமே திருத்த முடியும். நியாயம்தான். நம் கையில் இருக்கும் சர்டிபிகேட், டிரஸ்டுக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ள ஒப்பந்தத்தின் ஒரு சுருக்கம். எத்தனை வருஷத்தில் பணம் நம்முடையதாகும், இடையில் போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் டிரஸ்ட் விதிகளில் இருக்கும். சர்டிபிகேட்டில் ஒரு சொல்கூட இருக்காது.

அதனால் எச்.ஆரில் டிரஸ்ட் விதிகளின் நகல் கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே சார்" என்றார் அந்தப் பெண். நான்கு நாளில் ஸ்கேன் செய்து அனுப்பினார். வெஸ்டிங், அதாவது பணம் எப்போது நம்முடையதாகும் என்பது பற்றிய பத்தியில் 'உறுப்பினராக 5 ஆண்டுகள்' என்று இருந்தது. 'பணியில் 5 ஆண்டுகள்' என்று இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. அந்த ஒரு சொல்லில்தான் என் பணம் தொங்கிக்கொண்டிருந்தது. 5 ஆண்டு ஆகாமல் போனால் தொகை டிரஸ்டின் பொதுக் கணக்குக்குப் போய்விடும் என்றும் எழுதியிருந்தது.

பழைய நிறுவனம் 2013ல் கொடுத்த சர்டிபிகேட்டை எங்கோ வைத்திருந்தேன். அதில் 01-04-2012 என்று தெளிவாக அச்சாகியிருந்தது. அதையும், 2012 முதலான கணக்கு அறிக்கைகளில் கைக்குக் கிடைத்தவற்றையும் சேர்த்து, டிரஸ்டிகளுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். டிரஸ்டிகளில் ஒருவர் எங்கள் கணக்குப் பிரிவுத் தலைவர். பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. 2017ல் மாற்றி வந்தவர்களின் பட்டியலை எடுத்துப் பார்க்கச் சொன்னார். அத்தனை பேருக்கும் அதே தேதி. டிரஸ்ட் ஒரே கடிதமாக எழுதி, மார்ச் கடைசியில் எல்லோருக்கும் சேர்த்துத் திருத்தக் குறிப்பு வாங்கியது.

அறிக்கைகளைப் புரட்டும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. சி.டி.சி.யில் மாதம் 4,800 என்று இருந்தாலும், கணக்கில் வரவு வருஷத்துக்கு ஒரே தடவை, மார்ச் கடைசி வாரத்தில்தான். பணம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் நிறுவனம் வட்டி போடும். ஏப்ரல் மாதப் பங்கு பதினொரு மாதம் கம்பெனியிடமே தூங்குகிறது. வருஷம் 57,600 ரூபாய். சராசரியாக ஐந்தரை மாதத் தாமதம். வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு சுமார் 1,850 ரூபாய் போகிறது. விதிகள் வருடாந்தரக் கட்டணத்தை அனுமதிக்கின்றன, சண்டை போட இடமில்லை. ஆனால் ஜனவரியில் விலகியவனுக்கு இதில் வேறொரு சிக்கல்: என் கடைசிப் பத்து மாதப் பங்கான 48,000 ரூபாய் இன்னும் நிறுவனத்துக்கே போயிருக்கவில்லை. கணக்கில் 2021 மார்ச் வரையிலான சுமார் 5,52,000 ரூபாயும் அதன் வட்டியும்தான். இறுதிக் கணக்கு முடித்திருந்தால் 48,000 சத்தமில்லாமல் விட்டுப்போயிருக்கும். இதற்குத் தனியாக ஒரு மெயில்.

சரி, பணத்தை என்ன செய்வது? ஓய்வு வயது வரை டிரஸ்டிலேயே விட்டுவைக்கலாம். புதிய கம்பெனியில் இதே மாதிரி அங்கீகரிக்கப்பட்ட திட்டம் இருந்தால் அங்கே மாற்றலாம். எனக்கு அது இல்லை. கையில் வாங்கினால், கடந்த மூன்று ஆண்டுகளில் என் வருமானவரியின் சராசரி விகிதத்தில் டிரஸ்ட் வரி பிடிக்க வேண்டும். எனக்கு அது ஏறத்தாழ 12 சதவீதம் வந்தது, அதாவது எழுபதாயிரத்துக்கு மேல். மிச்சமிருந்த வழி, தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.க்கு மாற்றுவது. 2017லிருந்து இதற்கு வருமான வரி கிடையாது. முதல் அடுக்குக் கணக்கு ஒன்று இயக்கத்தில் இருக்க வேண்டும், என்னிடம் இருந்தது. காசோலை என் பெயரில் வந்தால் கையில் வாங்கியதாக ஆகிவிடும் என்பதால், என்.பி.எஸ். சேவை மையத்தின் பெயரில் எடுக்கச் சொல்லிக் கடிதத்திலேயே எழுதிவிட்டேன். மாற்றி வரும் பணத்தை அந்த ஆண்டு முதலீடாகக் காட்டி வரிக்கழிவு கேட்க முடியாது, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு வயது 43தான். 58 வரை டிரஸ்டில் கிடந்தால், கிராஜுவிட்டி வாங்குகிறவன் என்பதால் மூன்றில் ஒரு பங்குதான் வரியில்லாமல் மொத்தமாக வரும், மீதிக்கு ஆனுவிட்டி வாங்கி, பென்ஷனாகத்தான் பெற வேண்டும். அன்றைய என்.பி.எஸ். விதிப்படி 60 வயதில் 60 சதவீதம் வரை மொத்தமாக எடுக்கலாம். அதனால் மாற்றிவிட்டேன்.

நாமினி இடத்தில் கல்யாணத்துக்கு முன் எழுதிக் கொடுத்த அப்பாவின் பெயரே இருந்தது. அவர் 2018ல் காலமாகிவிட்டார். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் மாற்றவில்லை.

முதல் காசோலை மே மாதத்தில் என்.பி.எஸ். கணக்கில் ஏறியது. 48,000 ரூபாய்க்கான இரண்டாவது காசோலை ஜூலையில் வந்தது, நான்கு நினைவூட்டல்களுக்குப் பிறகு. என்னோடு வேலை பார்த்த ஒருவர் 2020ல் விலகியபோது இதே '0' மெயிலை வாங்கி, சரி என்று விட்டிருந்தார். அவரிடம் என் கடிதத்தின் நகலைக் கொடுத்திருக்கிறேன். பழைய சர்டிபிகேட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்.