பதிவேற்றம் பாதியில் அறுந்தால், அறுத்தது யார்?

பினாங்குத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களின் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து, ஒரே இடத்தில் சேர்க்கும் வேலை. என்ஜின்எக்ஸ் ஓடும் சர்வர் பக்கம் என் பொறுப்பு. ஜார்ஜ்டவுனிலிருந்து அனுப்பிய கோப்புகள் ஒழுங்காக வந்தன. பாலிக் புலாவ் பக்கம் போன தமிழாசிரியர் மட்டும், "தம்பி, பாதியிலேயே நின்னுபோயிடுது" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

லாக்கில் `$request_time` சேர்த்துப் பார்த்தேன். முறிந்தவற்றில் பெரும்பாலானவற்றின் நிலைக்குறியீடு 400, நேரம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய 120 விநாடி. இப்படி வட்டமான எண்ணில் எல்லாம் நின்றால் எங்கோ ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று அர்த்தம். பதிவை அனுப்பும் எங்கள் கைப்பேசிச் செயலியில் மொத்த நேர வரம்பு 120 விநாடி. 45 எம்பி கோப்பு 2 எம்பிபிஎஸ் வேகத்தில் போக 180 விநாடி ஆகும். போய்ச் சேரவே முடியாது. கிளையன்ட் விட்டுப் போனால் என்ஜின்எக்ஸ் 499 என்று எழுதும் என்றுதான் பலரும் தேடுவார்கள். ஆனால் பாடியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பு மூடினால் அது 400 என்றுதான் பதிகிறது. "client prematurely closed connection" என்ற வரியும் `info` மட்டத்தில்தான் வரும். Error லாக்கை அந்த மட்டத்துக்கு இறக்கினால்தான் கண்ணில் படும்.

செயலியின் வரம்பை 10 நிமிடமாக்கியதும் 400 குறைந்தது, நேரம் தாண்டியதைச் சொல்லும் 408 தலைகாட்டியது. இதில் நேரம் 75, 140, 212 என்று கண்டபடி இருந்தது. காரணம் இந்த வரி:

```
client_body_timeout 60s;
```

இது மொத்தப் பதிவேற்றத்துக்கான வரம்பு அல்ல. ஒரு வாசிப்புக்கும் அடுத்த வாசிப்புக்கும் இடையிலான இடைவெளிக்கு மட்டும். மெதுவாக, ஆனால் விடாமல் அனுப்பினால் அரைமணி நேரம் ஆனாலும் 408 வராது. மலைப்பாதையில் சிக்னல் போய் ஒரு நிமிடம் ஒரு பைட்டும் வராவிட்டால்தான் வரும். அப்பாச்சியின் `mod_reqtimeout` வேறு ரகம்: `MinRate=500` என்றால் வரும் ஒவ்வொரு 500 பைட்டுக்கும் ஒரு விநாடி கூடுதல் அவகாசம்.

இன்னொரு விஷயம், எனக்கு எரிச்சல் தந்தது: இந்த நிலையில் என்ஜின்எக்ஸ் 408-ஐ லாக்கில் எழுதிவிட்டு, பதில் எதுவும் அனுப்பாமலே இணைப்பை மூடிவிடும். செயலிக்குக் கிடைப்பது வெறும் இணைப்புப் பிழை. "408 வந்தால் மறுபடி அனுப்பு" என்று செயலியில் எழுதியிருந்தது ஒருநாளும் ஓடவில்லை.

கடைசியில் கோப்பை 5 எம்பி துண்டுகளாக்கினோம். 2 எம்பிபிஎஸ்ஸில் ஒரு துண்டுக்கு 20 விநாடி. செயலியில் மொத்த வரம்பை எடுத்துவிட்டு, 45 விநாடி முன்னேற்றமே இல்லையென்றால் தானே விட்டுவிடும்படி வைத்தோம். சர்வரின் 60-க்கு முன்பே அது முந்திக்கொள்வதால், எந்தத் துண்டு நின்றது என்று செயலிக்கே தெரியும். அந்தத் துண்டை அதே எண்ணில் மறுபடி அனுப்பும். சர்வரின் 60 விநாடியை நான் கூட்டவில்லை. கூட்டினால் செத்துப்போன இணைப்புகள்தான் அவ்வளவு நேரம் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.